ஆறு மாதக் கணக்கை வைத்து அடுத்த மாத இலக்கு போடுவது: பக்கம் நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகள்

மொரீஷியஸில் நாலைந்து சிறிய கடைகளுக்கும் ஒரு கோயில் இளைஞர் குழுவுக்கும் ஃபேஸ்புக் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மாதக் கடைசி வந்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்பார்கள்: அடுத்த மாதம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இங்கே எல்லாப் பதிலுக்கும் ஒரே கடையின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ரோஸ் ஹில்லில் இருக்கும் ஒரு சின்னப் பூஜைப் பொருள் கடை. கடைக்கார அக்கா கணக்கை எழுதச் சம்மதித்தார், பெயரைப் போட வேண்டாம் என்றார்.

மாதாமாதம் இலக்கு வைக்கிறேன். ஒரு மாதம்கூட எட்டியதில்லை. என் பக்கம் அவ்வளவு மோசமா?

பக்கத்தைக் குறை சொல்வதற்கு முன், அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். அக்கா முதல்முறை என்னிடம் வந்தபோது 2025 ஏப்ரலுக்கு 50 என்று எழுதி வைத்திருந்தார். ஏப்ரலில் 50 புதியவர்கள் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும் என்பது கணக்கு. "ஆறு மாதத்தைக் கூட்டி ஆறால் வகுத்தேன் தம்பி, 44 வந்தது. கொஞ்சம் கூடப் போட்டேன்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த ஆறு மாதமும் இப்படி இருந்தன:

| மாதம் | பதிவுகள் | எத்தனை பேர் பார்த்தார்கள் | புதிதாக மெசேஜ் அனுப்பியவர்கள் |
|---|---|---|---|
| அக்டோபர் 2024 | 14 | 9,800 | 46 |
| நவம்பர் | 9 | 5,200 | 24 |
| டிசம்பர் | 10 | 5,900 | 27 |
| ஜனவரி 2025 | 11 | 6,400 | 31 |
| பிப்ரவரி | 19 | 31,400 | 112 |
| மார்ச் | 6 | 6,100 | 22 |

கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள். 44-ஐத் தாண்டிய மாதங்கள் இரண்டுதான். அக்டோபர் 31 அன்று தீபாவளி, பிப்ரவரி 11 அன்று தைப்பூசக் காவடி. மற்ற நாலு மாதமும் 22-க்கும் 31-க்கும் நடுவில் நிற்கின்றன. ஆக, பண்டிகை இல்லாத எந்த மாதத்திலும் இந்தக் கடை தொட்டே பார்க்காத எண்ணைச் 'சராசரி' என்று பெயர் வைத்து, அதற்கு மேலும் ஆறைக் கூட்டி இலக்காக வைத்திருந்தார். இப்படி வைத்த இலக்கை எட்ட முடியாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எதை இலக்காக வைப்பது? லைக்கா, ஃபாலோயரா, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதா?

உங்கள் கல்லாவுக்கு மிக அருகில் இருக்கும் எண்ணை எடுங்கள். இந்தக் கடைக்கு அது மெசேஜ். விபூதி இருக்கிறதா, அந்த ரோஸ் நிறத் துணி மீட்டர் என்ன விலை, பால் செம்பு எந்த அளவில் கிடைக்கும் என்று கேட்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வாங்கிவிடுகிறார். லைக் போட்டவர் வாங்குவாரா என்பது யாருக்கும் தெரியாது. முருகன் படம் போட்டால் "வெற்றிவேல்" என்று நூறு பேர் எழுதுவார்கள். பக்திதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் வியாபாரம் எவ்வளவு என்று அளக்க முடியாது.

ஃபாலோயர் எண்ணிக்கையை நான் இலக்காக வைப்பதே இல்லை. அது மெதுவாக ஏறும், சட்டென்று இறங்காது. ஒரு மாத வேலை நன்றாக நடந்ததா இல்லையா என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு எண்ணை இலக்காக வையுங்கள். பக்கத்தில் துணைக்கு இன்னொன்றை எழுதி வையுங்கள்: அந்த மாதம் எத்தனை பதிவு போட்டோம் என்பது. முதல் எண் நம் கையில் இல்லை, இரண்டாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. அது எதற்கு உதவும் என்பது பின்னால் புரியும்.

ஆறு மாத எண்களை எங்கிருந்து எடுப்பது? ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் காட்டுகிறது.

Meta Business Suite-க்குள் Insights என்ற பகுதியைத் திறந்து, மேலே தேதிகளை நீங்களே வையுங்கள். முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை, ஒரு நேரத்தில் ஒரு மாதம் மட்டும். திறந்தவுடன் அது தானாகக் காட்டும் காலம் பெரும்பாலும் கடைசி 28 நாளாக இருக்கும். அதை மாதக் கணக்கென்று நினைத்து எழுதிக்கொண்டால் இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று வரத்தான் செய்யும். திரையைப் பிரெஞ்சில் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும், இடம் அதேதான்.

'பார்த்தவர்கள்' என்ற எண்ணில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரே ஆள் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உங்கள் பதிவைப் பார்த்தால், நாள்வாரிக் கணக்கில் இரண்டு முறை வருவார், மாதக் கணக்கில் ஒரு முறைதான் வருவார். அதனால் முப்பது நாள் எண்களைக் கூட்டினால் மாத எண் கிடைக்காது, எப்போதும் கூடுதலாகவே வரும். ஒரு மாதத்துக்குக் கூட்டியும், இன்னொரு மாதத்துக்குத் திரையில் காட்டியதை அப்படியே எடுத்தும் எழுதினால், அந்தப் பட்டியலால் பயனில்லை. ஆறு மாதத்துக்கும் ஒரே வழியில் எடுங்கள்.

மெசேஜை நாங்கள் கையால்தான் எண்ணினோம். இன்பாக்ஸில் மாதவாரியாகப் பின்னோக்கிப் போய், அந்த மாதம் புதிதாகப் பேச்சைத் தொடங்கியவர்களை மட்டும் நோட்டில் கோடு போட்டோம். ஒரே ஆள் ஒன்பது மெசேஜ் அனுப்பியிருந்தாலும் ஒரு கோடு. ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரு மத்தியான நேரம் ஆனது. பதிவில் இருக்கும் நம்பரைப் பார்த்து வாட்ஸ்அப்பில் கேட்பவர்களும் இங்கே நிறைய. அவர்கள் பக்கத்தின் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு, பக்கத்தில் என்றால் அதே நோட்டில் கோடு போடும் வழக்கம் இந்தக் கடையில் அக்டோபரிலேயே இருந்தது. அது இல்லாத கடைகள் இன்றே தொடங்கலாம். ஆனால் தொடங்கிய மாதத்தில் எண் திடீரென்று ஏறும். அதை வளர்ச்சி என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

சராசரி வேண்டாம் என்றால் வேறு எதை எடுப்பது?

நடு எண்ணை எடுங்கள். ஆறு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள்: 22, 24, 27, 31, 46, 112. நடுவில் இருப்பவை 27-ம் 31-ம். இரண்டுக்கும் நடு 29. இந்தக் கடையின் சாதாரண மாதம் என்றால் 29 பேர், அவ்வளவுதான். காவடி மாதம் 112-க்குப் பதிலாக 300 என்று வந்திருந்தாலும் இந்த 29 அசையாது. சராசரியோ எழுபத்தைந்துக்கு ஏறியிருக்கும்.

எக்செல் ஷீட்டில் மெசேஜ் எண்கள் D வரிசையில் இருந்தால்:

```
=MEDIAN(D2:D7)
```

இங்கே பலருடைய கணினியில் எக்செல் பிரெஞ்சில் இருக்கிறது. அதில் மேலே உள்ளதை எழுதினால் பிழை காட்டும். இப்படி எழுத வேண்டும்:

```
=MEDIANE(D2:D7)
```

அக்காவுக்கு 29-ஐக் காட்டியபோது முகம் வாடிவிட்டது. "இவ்வளவுதானா நம்ம கடை?" என்றார். அந்த ஏமாற்றத்தை நான் நிறையக் கடைகளில் பார்த்திருக்கிறேன். மனதுக்குள் எல்லோரும் தங்களுடைய மிகச் சிறந்த மாதத்தைத்தான் சாதாரண மாதமாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு வீடியோ திடீரென்று ஓடிவிட்டது. அந்த மாதத்தைக் கணக்கிலிருந்து தூக்கிவிடலாமா?

நடு எண்ணை எடுத்தால் தூக்க வேண்டிய தேவையே வராது. ஆனால் என்ன நடந்தது என்று பார்க்காமல் விடாதீர்கள், அதில் பாடம் இருக்கிறது.

பிப்ரவரியில் பார்த்தவர்கள் 31,400 என்று இருக்கிறதே, அதற்கு முக்கியக் காரணம் ஒரு சின்ன வீடியோ. கடையின் பின்னறையில் அக்காவின் மருமகன் ஒரு காவடியின் வளைவில் மயிலிறகைக் கட்டி, இரண்டு பக்கமும் ரோஸ் நிறத் துணியைச் சுருக்கிச் சுருக்கி ஊசி குத்துகிறார். 40 விநாடி, பேச்சு கிடையாது. அது மட்டும் 22,000 பேரிடம் போயிருக்கிறது. கீழே இருந்த கருத்துகளைப் படித்தோம். "இது எந்த ஊர்?" என்று மதுரையிலிருந்து ஒருவர், "எங்கள் ஊரில் இதைவிடப் பெரிது" என்று பினாங்கிலிருந்து ஒருவர், ரெயூனியனிலிருந்து சிலர் வணக்கம் மட்டும். ரோஸ் ஹில்லுக்கு வந்து கற்பூரம் வாங்கப்போகிறவர்கள் அதில் குறைவு.

அப்புறம் இன்பாக்ஸைப் பார்த்தோம். அந்த வீடியோவைக் குறிப்பிட்டு வந்தவர்கள் 9 பேர்தான். மீதி நூற்றுச் சொச்சம் பேரும் விலைப் பட்டியல் படத்தையும், 'காவடிச் சட்டம் இன்னும் நாலுதான் இருக்கிறது' என்று கிரியோலில் எழுதிய ஒரு வரிப் பதிவையும் பார்த்து வந்தவர்கள். அந்தப் பதிவைப் பார்த்தவர்கள் 1,900 பேர்தான். அதனால் 31,400-ஐ வைத்து அடுத்த மாதத்துக்கு எந்த முடிவும் எடுக்கவில்லை. 112 வீடியோவால் வரவில்லை, காவடியால் வந்தது.

பிப்ரவரியில் 112 வந்ததே, அடுத்த வருடம் பிப்ரவரிக்கு அதையே இலக்காக வைக்கலாமா?

கூடாது. தமிழ்க் கடைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

தைப்பூசம் ஆங்கில நாட்காட்டியில் ஓர் இடத்தில் நிற்காது. 2024-ல் ஜனவரி 25. 2025-ல் பிப்ரவரி 11. 2026-ல் பிப்ரவரி 1. 2027-ல் ஜனவரி 22. விரதம் பத்து நாள், அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே துணியும் செம்பும் வாங்க ஆரம்பித்துவிடுவார்கள். 2025-ல் அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட முழுதும் பிப்ரவரிக்குள் வந்தது. 2026-ல் காவடியே பிப்ரவரி முதல் தேதி என்பதால், கூட்டம் முழுக்க ஜனவரிக்குப் போய்விடும். 2026 பிப்ரவரிக்கு 112 என்று எழுதி வைத்தவர், காவடி முடிந்து பூ வாடிய கடையில் உட்கார்ந்து மெசேஜை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். ஜனவரி இலக்கை 30 என்று போட்டுவிட்டு, சரக்கு போதாமல் திண்டாடியும் இருப்பார்.

இதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. தைப்பூசம் எந்த வருடமும் தை மாதத்துக்குள்தான் வரும். Insights-ல் தேதியை ஜனவரி 14-லிருந்து பிப்ரவரி 12 வரை வையுங்கள். மேலே சொன்ன நாலு தேதியும் இதற்குள் அடங்கிவிடும், 2027 போலக் காவடி சீக்கிரம் வரும் வருடத்தில் மட்டும் கூட்டத்தின் முதல் சில நாள் வெளியே நிற்கும். இன்பாக்ஸையும் அதே தேதிக்கு எண்ணுங்கள். இந்தக் கடைக்கு 2025 தை மாதக் கணக்கு 116. அடுத்த தைக்கு ஒப்பிட வேண்டியது இந்த 116-ஐத்தான்.

தீபாவளிக்கு இந்த வித்தை பலிக்காது. 2024-ல் அக்டோபர் 31, ஐப்பசி நடுவில். 2025-ல் அக்டோபர் 20, ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள். வாங்குகிற கூட்டமெல்லாம் புரட்டாசியிலேயே வந்துவிட்டது. அதனால் தீபாவளிக்கு மாதத்தை மறந்துவிட்டு, பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒப்பிடுங்கள்.

ஒரு வருடத்தோடு மட்டும் ஒப்பிடும்போது, அந்த வருடம் ஒழுங்காக நடந்ததா என்றும் பாருங்கள். 2024 தை மாதப் பிறப்பன்றே பெலால் புயல் வந்தது. ஜனவரி 15 அன்று போர்ட் லூயிஸில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. காவடிக்கு அப்போது பத்து நாள் இருந்தது, விரதம் தொடங்கும் நேரம் அது. அந்த வாரம் யாரும் மயிலிறகு விலை கேட்கவில்லை. அந்தத் தை மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் அடுத்த வருடம் பெரிய வளர்ச்சி போலத் தெரியும்.

சரி, ஏப்ரலுக்கு 50 வேண்டாம் என்றீர்கள். கடைசியில் எவ்வளவு போட்டீர்கள், எப்படி?

இரண்டு வழியில் தனித்தனியாகக் கணக்குப் போட்டோம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றனவா என்று பார்ப்பதற்குத்தான்.

முதல் வழி, சாதாரண மாதத்திலிருந்து தொடங்குவது. அடிப்படை 29. ஏப்ரல் 14 சித்திரை வருடப் பிறப்பு என்பதால் கொஞ்சம் கூடும், ஆனால் எவ்வளவு? போன வருட ஏப்ரலின் மெசேஜ் கணக்கு இல்லை. அக்காவின் ஆர்டர் நோட்டு இருந்தது. நீல அட்டை, எண்ணெய்க் கறை, ஆனால் தேதி தவறாமல் எழுதியிருந்தார். 2024 மார்ச்சில் போனில் வந்த ஆர்டர் 14, ஏப்ரலில் 17. அதாவது மார்ச் ஐந்தென்றால் ஏப்ரல் ஆறு. 29-ஐ அதே அளவு கூட்டினால் 35.

14, 17 என்பதெல்லாம் சின்ன எண்கள். மூன்று பேர் ஊருக்குப் போயிருந்தால் இந்த விகிதமே மாறியிருக்கும். அதனால்தான் இரண்டாவது வழி.

இரண்டாவது வழி, பதிவுக்கு எத்தனை மெசேஜ் என்று பார்ப்பது. ஒவ்வொரு மாதமும் மெசேஜைப் பதிவால் வகுத்தோம்: அக்டோபர் 3.3, நவம்பர் 2.7, டிசம்பர் 2.7, ஜனவரி 2.8, பிப்ரவரி 5.9, மார்ச் 3.7. நடு எண் ஏறக்குறைய 3. ஏப்ரலில் எத்தனை பதிவு போட முடியும் என்று அக்காவைக் கேட்டேன். "இருபது" என்றார். மார்ச்சில் ஆறுதானே போட்டீர்கள் என்றதும் சிரித்துவிட்டு, பன்னிரண்டு என்றார். பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு.

35-ம் 36-ம். வெவ்வேறு விதமாகப் போட்ட இரண்டு கணக்குகள் இவ்வளவு நெருங்கி வந்தால் நம்பலாம். ஒன்று 35, மற்றது 60 என்று வந்திருந்தால் இலக்கைப் போடாமல், எங்கே தப்பு என்று தேடியிருப்போம்.

இலக்கு 35 என்று எழுதினோம். ஆனால் ஒற்றை எண்ணை மட்டும் எழுதி வைத்தால் 34 வந்தாலும் தோல்வி என்று ஆகிவிடும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு கீழேயும் மேலேயும் விட்டு 28, 42 என்று இரண்டு கோடு போட்டோம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எது வந்தாலும் மாதம் ஒழுங்காகப் போனது என்று பொருள். 28-க்குக் கீழே போனால் உட்கார்ந்து பேச வேண்டும். 42-க்கு மேலே போனாலும் பேச வேண்டும், எது நடந்தது என்று தெரியாவிட்டால் திரும்பச் செய்ய முடியாது.

இது கணக்கா, ஜோசியமா? நம்புவதற்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. நடந்து முடிந்த ஒரு மாதத்தைத் தெரியாதது போல மறைத்து வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய மாதங்களிலிருந்து அதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாங்கள் மார்ச்சை மறைத்தோம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஐந்து மாதத்தின் நடு எண் 31. பதிவு வழியில் போனால், பதிவுக்கு 2.8, ஆறு பதிவு, ஆக 17. உண்மையில் வந்தது 22. ஒரு வழி ஒன்பது கூடச் சொன்னது, இன்னொன்று ஐந்து குறைத்துச் சொன்னது.

துல்லியம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் இடையில்தான் விடை இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: மார்ச்சில் எண் விழுந்ததற்குக் காரணம் மக்கள் ஆர்வம் குறைந்ததல்ல. காவடிக் களைப்பில் அக்கா பதிவே போடவில்லை. பதிவுக்கு 3.7 என்பது நவம்பரைவிட நன்றாகத்தான் இருக்கிறது. மாத எண்ணை மட்டும் பார்த்திருந்தால் 'பக்கம் செத்துக்கொண்டிருக்கிறது' என்று முடிவு கட்டியிருப்போம்.

மாதம் பாதி போனதும் பாதி இலக்கு வந்திருக்க வேண்டுமா?

பண்டிகை எந்தத் தேதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2024 ஏப்ரல் நோட்டில் இருந்த 17 ஆர்டரில் 12, வருடப் பிறப்புக்கு முன்னால் வந்தவை. பத்தில் ஏழு. அந்தக் கணக்குப்படி 35-ல் ஏறக்குறைய 25 பேர் 14-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். 14 அன்று எண்ணிப் பார்த்தோம், 24 இருந்தது. பாதிக்கு மேல் வந்துவிட்டது என்று துள்ளவும் இல்லை, பயப்படவும் இல்லை. வெறும் நாள் கணக்கில் பார்த்திருந்தால், வண்டி வேகமாகப் போகிறது என்று நினைத்து இலக்கை 50-க்கு ஏற்றியிருப்போம்.

எட்டாமல் போனால் அடுத்த மாத இலக்கைக் குறைப்பதா?

ஏப்ரல் 33-ல் முடிந்தது. இலக்குக்கு இரண்டு குறைவு, கோடுகளுக்கு நடுவில். பதிவு 12 என்று சொல்லி 10-தான் போட்டிருந்தார், பதிவுக்கு 3.3 வந்திருக்கிறது. ஆக, குறைந்தது எங்கே என்றால் நம் பக்கத்தில்தான். எட்டவில்லை என்பதற்காக மே மாத எண்ணைக் குறைக்கவில்லை. வாரம் மூன்று பதிவு என்றிருந்த பேச்சைச் செவ்வாய், வெள்ளி என்று இரண்டாகக் குறைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி கணக்குப் போட்டோம்.

பதிவு சொன்னபடி போட்டும் எண் கீழ்க் கோட்டுக்குக் கீழே விழுந்தால் அது வேறு விஷயம். ஒரு மாதம் அப்படி ஆனால் குறித்து மட்டும் வையுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் ஆனால் உங்கள் சாதாரண மாதமே மாறிவிட்டது என்று பொருள். அப்போது பழைய ஆறு மாதத்தை விட்டு, கடைசி மூன்று மாதத்தின் நடு எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

மற்றபடி ஒவ்வொரு மாதமும் பட்டியலின் தலையில் இருக்கும் பழைய மாதத்தை அடித்துவிட்டு, முடிந்த மாதத்தை வாலில் சேருங்கள். எப்போதும் ஆறு வரி.

என் முதலாளி மாதம் பத்து சதவீதம் கூட வேண்டும் என்கிறார். எப்படிச் சொல்வது?

பன்னிரண்டு மாதம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 29-ல் தொடங்கி மாதம் பத்து சதவீதம் ஏறினால் ஒரு வருடத்தில் 91 பேர். அதாவது எல்லா மாதமும் கிட்டத்தட்டக் காவடி மாதம். ரோஸ் ஹில் கடையில் பதில் எழுதுவதற்கு அக்காவும் மருமகனும்தான். பிப்ரவரியில் 112 பேருக்குப் பதில் சொல்லும்போதே, மூன்று நாள் கழித்துப் பதில் போனவர்கள் 14 பேர். அதில் ஒருவர்கூட வாங்கவில்லை. முதலாளியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: 91 பேர் வந்தால் யார் பதில் சொல்வது? பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பும்.

காசு கட்டிப் பதிவை பூஸ்ட் செய்த மாதங்களையும் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள், அல்லது பிரித்து எழுதுங்கள். ரோஸ் ஹில் கடை அந்த ஆறு மாதமும் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை, அதனால் சிக்கல் இல்லை. காசு போட்ட பதிவிலிருந்து வந்த மெசேஜை நோட்டில் வேறு நிறத்தில் கோடு போட்டால் போதும். காசு நின்றால் அந்தக் கோடுகளும் நின்றுவிடும்.

என் பக்கம் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது.

இலக்கு வேண்டாம். பதிவு எண்ணிக்கையை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு, மெசேஜை எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். தொடங்கிய முதல் மாதத்தைப் பிறகும் சேர்க்காதீர்கள். அத்தையும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் வாழ்த்துச் சொல்ல வந்த மாதம் அது.